செப்புக் குழாயில் ஈயப் பற்றவைப்பு: வறண்ட இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் குழாய்ப்பணிக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்குப் பட்டறையில் பற்றவைப்புச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். வீடுகளில் தண்ணீர் செல்லும் 15 மி.மீ. முதல் 28 மி.மீ. வரையான செப்புக் குழாய்களையும், குழாய் உள்ளே நுழையும் சாதாரண எல்போ, டீ, சாக்கெட் ஆகியவற்றையும் மட்டுமே இங்கே பேசுகிறேன்.

"டிரை ஜாயின்ட், டிரை ஜாயின்ட்னு சொல்றாங்களே, அது என்ன அண்ணே? வெளியே ஈயம் நல்லாத்தானே இருக்கு?"

குழாயின் வெளிச்சுவருக்கும் எல்போவின் உள்சுவருக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கிறது. உருகிய ஈயம் அந்த இடைவெளிக்குள் நுழைந்து, சுற்றிலும், கடைசி ஆழம் வரை நிரம்பி உறைந்தால்தான் அது இணைப்பு. ஈயம் உள்ளே போகாமல் வாயருகே வளையமாக நின்றுவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் போய் மறுபக்கம் வெறுமையாக இருந்தாலோ, அதைத்தான் டிரை ஜாயின்ட், அதாவது வறண்ட இணைப்பு என்கிறோம்.

வெளியே தெரியும் பளபளப்பான வளையம் இணைப்பின் வாய் மட்டுமே. தண்ணீரைத் தடுப்பதும் குழாயைப் பிடித்து நிறுத்துவதும் கண்ணுக்குத் தெரியாத உட்பகுதி. ஆகவே வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எந்த இணைப்பையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

"ஈயம் கீழேயிருந்து மேலே கூட ஏறுதே, அதை இழுக்கிறது எது?"

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போன்ற செயல்தான் இது. குறுகிய இடைவெளியில், தன்னை ஒட்டிக்கொள்ளும் சுவர்களைப் பற்றிக்கொண்டு திரவம் தானாகவே முன்னேறும். இதற்கு இடைவெளி சுமார் 0.05 மி.மீ. முதல் 0.2 மி.மீ. வரை இருக்க வேண்டும். குழாயும் எல்போவும் அந்த அளவுக்கே செய்யப்பட்டிருக்கின்றன. குழாய் நசுங்கி முட்டை வடிவமானால் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் இடைவெளி அகன்று, இழுப்பு அங்கே விட்டுப்போகிறது.

இடைவெளி சரியாக இருந்தாலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு செப்புச் சுவர்களும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டும் ஈயத்தை உருக்கும் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். எண்ணெய் பட்ட தட்டில் தண்ணீர் துளித்துளியாக உருள்வதைப் போல, அழுக்கான செப்பில் ஈயம் மணிமணியாக உருளும். குளிர்ந்த செப்பிலோ, தொட்ட இடத்திலேயே உறைந்து நின்றுவிடும். வறண்ட இணைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வந்தவையே.

"சுத்தமாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு ஃபிளக்ஸ்?"

ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரைப் பார்த்திருந்தால் இதற்கு விடை ஏற்கெனவே தெரியும். அவர் பாத்திரத்தைத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் துடைத்த பிறகே வெள்ளீயம் பரவும். நவச்சாரம் இல்லாமல் எவ்வளவு தேய்த்தாலும் அது பரவாது. சூடேறும் உலோகம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உடனடியாக ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்வதும், அந்தப் படலத்தின் மேல் ஈயம் ஒட்டாததுமே காரணம்.

ஃபிளக்ஸ் செய்வதும் அதே வேலை. உப்புத்தாளால் தேய்த்த பிறகும் மிஞ்சியிருக்கும் படலத்தைக் கரைக்கிறது. சூடேறும் நேரத்தில் புதுப் படலம் உருவாகாமல் காற்றை மறைக்கிறது. குழாய்ப்பணிக்கான பல ஃபிளக்ஸ்களில் துத்தநாக குளோரைடும், நவச்சாரம் என்று நாம் சொல்லும் அம்மோனியம் குளோரைடும் இன்றும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையும் தடித்த பச்சைக் களிம்பையும் ஃபிளக்ஸ் தின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டப்பாவில் தானாகச் சுத்தம் செய்யும் என்று எழுதியிருந்தாலும் நான் தேய்க்காமல் பூசவிடுவதில்லை.

"எந்த ஈயம் வாங்கணும்?"

குடிநீர்க் குழாய்க்குக் காரீயம் கலந்த கம்பி கூடாது. தண்ணீரில் காரீயம் கரைந்து உடலில் சேரும் நஞ்சு என்பதால் இதில் விதிவிலக்கு இல்லை. நாம் பழக்கத்தில் "ஈயம்" என்று சொன்னாலும், வாங்க வேண்டியது வெள்ளீயமே முக்கால் பங்குக்கும் மிக மேலாக உள்ள, காரீயமற்ற கம்பி. வெள்ளீயத்தோடு சுமார் 0.7 விழுக்காடு செம்பு கலந்த கம்பி 227 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்குகிறது. வெள்ளி சிறிதளவு கலந்தது 221 டிகிரி அளவிலேயே இளகும்.

பழைய காரீயக் கம்பி 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதில் கை பழகியவர்கள் அதே சூட்டோடு புதுக் கம்பியைத் தொடுவதால்தான், அனுபவம் உள்ளவர்களிடமும் வறண்ட இணைப்புகள் வருகின்றன. ஏறக்குறைய நாற்பது டிகிரி அளவுள்ள அந்த வேறுபாட்டைக் கை மறுபடியும் கற்க வேண்டும்.

மின்னணுப் பணிக்கான, நடுவில் பிசின் உள்ள மெல்லிய கம்பியைக் குழாய்க்குப் பயன்படுத்தக் கூடாது. அதேபோல், குழாய் ஃபிளக்ஸை மின்சுற்றுப் பலகையில் தடவவே கூடாது. அந்த உப்புகள் மெல்லிய செப்புத் தடங்களை அரித்துவிடும்.

"எவ்வளவு தேய்க்கணும்? புதுக் குழாய்க்கும் தேய்க்கணுமா?"

புதுக் குழாய்க்கும் தேய்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் கடையில் வாங்கிய குழாயும் மங்கித்தான் வருகிறது. வெட்டும் கருவியால் நேராக வெட்டியதும் உள்விளிம்பில் மடிந்திருக்கும் பிசிரை முதலில் நீக்குங்கள். பிறகு எல்போவுக்குள் போகும் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, சுற்றிலும் செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும் வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். அழுத்தித் தேய்த்துச் செம்பைக் குறைத்தால் மேலே சொன்ன இடைவெளி அகன்றுவிடும்.

பலரும் மறப்பது எல்போவின் உட்பகுதி. அதற்கான உருளைத் தூரிகையை உள்ளே விட்டு நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். நம் வெயிலில் வேர்வையும் எண்ணெயும் இல்லாத விரல் கிடையாது. தேய்த்ததை அன்றைக்கே பற்றவைத்துவிட வேண்டும். மழை வந்து பணி நின்று மறுநாள் தொடர்ந்தால், மறுபடியும் தேய்ப்பதுதான் சரி.

"ஃபிளக்ஸ் அதிகமா வச்சா நல்லதுதானே?"

இல்லை. சிறு தூரிகையால் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும், செம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். குழாயின் கடைசி ஓரத்தில் மூன்று மி.மீ. அளவுக்கு வெறுமையாக விட்டாலும் சுழற்றி நுழைக்கும்போது அது பரவிவிடும். எல்போவின் உள்ளே தடவினால், நுழையும் குழாய் அதை முன்னால் தள்ளித் தண்ணீர் ஓடும் பாதையில் குவிக்கும். அங்கே சூடு பட்டு ஒட்டிக்கொண்ட ஃபிளக்ஸ் பல ஆண்டுகள் செம்பை அரித்துக்கொண்டிருக்கும். இணைப்புக்குப் பக்கத்தில் ஊசித்துளை விழுந்த குழாய்களை நெடுக்காக அறுத்தால் இந்தப் பச்சை ஒழுக்கு பல முறை தெரிகிறது.

இடைவெளிக்குள் தேவைக்கு மேல் ஃபிளக்ஸ் இருந்தாலும் சிக்கல்தான். ஈயம் நுழையும்போது ஃபிளக்ஸ் வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாத அளவு இருந்தால் அது உள்ளேயே குமிழாகச் சிறைப்பட்டு, ஈயம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். நுழைத்தபின் வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

"தீயை எங்கே காட்டணும்? சூடு போதும்னு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விக்குத்தான் நான் பட்டறையில் அதிக நேரம் செலவிடுகிறேன். கம்பியை உருக்க வேண்டியது தீ அல்ல, செம்பு. தீயைக் கம்பியில் காட்டினால் ஈயம் உருகிச் சொட்டி, குளிர்ந்த செம்பின் மேல் அழகான வளையமாக உட்கார்ந்துகொள்ளும். அதுவே மிகச் சரியான வறண்ட இணைப்பு.

முதலில் எல்போவுக்கு ஒட்டினாற்போல் உள்ள குழாய்ப் பகுதியைச் சூடாக்குங்கள். உள்ளே நுழைந்திருக்கும் குழாய்ச் சுவர் எல்போவின் மறைவில் இருப்பதால் தீ அதை நேரடியாகத் தொட முடியாது. வெளியே இருக்கும் பகுதி வழியாகத்தான் சூடு உள்ளே கடத்தப்பட வேண்டும். சில விநாடிகளுக்குப் பிறகு தீயை எல்போவின் மேல் மாற்றி, அதன் அடிப்பகுதியை நோக்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். நீல நிறத் தீக்கூம்பின் நுனி செம்பைத் தொட்டும் தொடாமலும் இருப்பது நல்ல தூரம்.

ஃபிளக்ஸைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் அது உருகி ஓடும், பிறகு பொரியும், பொரிவது அடங்கித் தெளிவான நீர்போல் பளபளக்கும்போது சூடு நெருங்கிவிட்டது. இப்போது தீ இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கம்பியின் நுனியால் இணைப்பின் வாயைத் தொடுங்கள். உருகவில்லையென்றால் கம்பியை எடுத்துவிட்டு மேலும் சில விநாடிகள் சூடாக்கித் திரும்பத் தொடுங்கள். எதிர்ப்பக்கத்தில் செம்பே கம்பியை உருக்கினால், சூடு சுற்றி வந்துவிட்டது என்று பொருள். உடனே தீயை விலக்கி, அல்லது அடிப்பகுதியில் மட்டும் லேசாகக் காட்டிக்கொண்டு, கம்பியை ஊட்டுங்கள். 15 மி.மீ. இணைப்புக்குக் கையடக்க டார்ச்சில் இது பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடியும். ஈயம் சூட்டைத் தேடிப் போகும் என்பதை மனத்தில் வைத்தால், தீயை எங்கே நகர்த்துவது என்று கை தானாகவே முடிவு செய்யும்.

"அப்போ நல்லா சூடாக்கிட்டா சந்தேகமே இல்லையே? கொஞ்சம் கூடப் போனா என்ன?"

கூடுதல் சூடும் வறண்ட இணைப்பைத் தரும், அதுவும் சரிசெய்யக் கடினமானதைத் தரும். ஃபிளக்ஸ் தாங்கும் சூட்டுக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அது பழுப்பாகி, கருகி, கரித்தூளாக ஒட்டிக்கொள்ளும். காற்றை மறைக்க எதுவும் இல்லாததால் செம்பும் உடனே கறுக்கும். அதன்பின் ஈயம் அந்தக் கரியின் மேல் மணிமணியாக உருண்டு கீழே விழும். அந்த நேரத்தில் இன்னும் சூடாக்குவதுதான் இயல்பான உந்துதல், அதுதான் தவறு. தீயை அணைத்து, ஆறவிட்டு, பிரித்து, தேய்த்து, புதிதாகத் தொடங்க வேண்டும்.

செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்பதால் குழாய்க்கு எதுவும் ஆகாது என்று எண்ணி ஏமாறுகிறார்கள். நமக்குத் தேவை ஈயம் உருகும் அளவுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரையான ஒரு குறுகிய பட்டை. செம்பு மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கினால் அந்தப் பட்டையை எப்போதோ கடந்துவிட்டீர்கள்.

"ஒரு ஜாயின்டுக்கு எவ்வளவு ஈயம் ஊட்டணும்?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மி.மீ. குழாய் எல்போவுக்குள் சுமார் 11 மி.மீ. ஆழம் நுழைகிறது. அந்த உருளையின் பரப்பு 15 × 3.14 × 11, அதாவது ஏறத்தாழ 518 சதுர மி.மீ. இடைவெளி 0.1 மி.மீ. என்று கொண்டால் நிரப்ப வேண்டிய அளவு 52 கன மி.மீ. மூன்று மி.மீ. தடிமனுள்ள கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 7 சதுர மி.மீ. என்பதால், ஏழரை மி.மீ. நீளக் கம்பியே இடைவெளியை நிரப்பிவிடும். இடைவெளி சற்று அகன்றிருப்பதற்கும் வாயருகே நிற்கும் வளையத்துக்கும் சேர்த்து 12 முதல் 15 மி.மீ. வரை தரலாம். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளம் என்று பழைய கைகள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இரண்டு மி.மீ. கம்பியானால் நீளம் இரண்டு மடங்குக்கும் சற்று மேல்.

கம்பியை ஊட்டும் முன் நுனியிலிருந்து 15 மி.மீ. அளந்து அங்கே வளைத்துக்கொள்ளச் சொல்கிறேன். செலவைக் குறைப்பதற்காக அல்ல. நான்கு மி.மீ. கம்பி உருகியதுமே வாயில் ஈயம் தேங்கி நின்றால், இணைப்பு குடிக்கவில்லை, உள்ளே வறண்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். 25 மி.மீ. போயும் இன்னும் குடித்துக்கொண்டிருந்தால், ஈயம் மறுபக்கம் வழிந்து தண்ணீர்ப் பாதையில் உருண்டைகளாக விழுகிறது. வெளித்தோற்றம் சொல்லாததை இந்த வளைவு சொல்லும்.

"படுக்கையா இருக்கிற குழாயில எங்கே ஆரம்பிக்கிறது?"

அடிப்பகுதியின் நடுவிலிருந்து சற்று விலகித் தொடங்கி, அடியைக் கடந்து, ஒரு பக்கமாக உச்சி வரை ஏறுங்கள். பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து மறுபக்கமாக உச்சிக்குப் போய் இரண்டையும் சந்திக்க விடுங்கள். அடியில் முதலில் உறையும் ஈயம் அணைபோல் நின்று, மேலிருந்து வருவதை வழிந்துபோகாமல் தாங்கும். மேலிருந்து தொடங்கினால் ஈயம் கீழே ஓடிச் சொட்டி, உச்சி வறண்டுபோகும்.

நிற்கும் குழாயில் எங்கே தொடங்கினாலும் பெரிய வேறுபாடு இல்லை. வாய் கீழ்நோக்கி இருந்தால், குழாயை விட எல்போவைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கினால் ஈயம் மேலே ஏறும்.

"வால்வை மூடிட்டேன், ஆனாலும் சொட்டுச் சொட்டா தண்ணி வருது. அப்படியே சூடாக்கிடலாமா?"

ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அடுப்புத் தீ அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. ஆனாலும் சொம்பில் ரசம் இருக்கும்வரை அது உருகாது, வெறும் சொம்பை வைத்தால் நொடியில் உருகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து, சுவரின் சூட்டையெல்லாம் ஆவியாக எடுத்துப் போய்விடுவதே காரணம். உங்கள் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும்வரை அந்தப் பக்கச் செம்பும் ஈயம் உருகும் சூட்டை அடையாது. படுக்கைக் குழாயின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றாலே அடிப்பகுதி வறண்டுவிடும். எழும் ஆவி உறையும் ஈயத்தைத் துளைத்துக்கொண்டும் வரும்.

ஆகவே முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அதே வீட்டின் தாழ்வான குழாயைத் திறந்து வடியவிடுங்கள், உயரத்தில் ஒன்றைத் திறந்து காற்று புகவிடுங்கள், மிச்சத்தை ஊதியோ துணியால் உறிஞ்சியோ எடுங்கள். ரொட்டித் துண்டை அடைத்துவிட்டுப் பற்றவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது சில நிமிடங்கள் தாங்கும் என்றாலும், பிறகு கரைந்து குழாய்முனைச் சல்லடையிலும் வால்வின் உள்ளேயும் அடைத்துக்கொள்வதை நான் கழற்றி எடுத்திருக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன். வால்வு தேய்ந்து தண்ணீர் நிற்கவே நிற்காதென்றால், மேல்நிலை வால்வை மூட ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அந்த ஓர் இணைப்பை மட்டும் நட்டை முறுக்கிப் பொருத்தும் கம்பிரஷன் வகையில் போடுங்கள். தீ தோற்கும் இடத்தில் பிடிவாதம் பயன் தராது.

"எல்லா ஜாயின்டும் நல்லா வந்துச்சு, கடைசி ஒண்ணுல மட்டும் குமிழ் வந்து ஓட்டை விழுது. ஏன்?"

குழாய்முனைகளும் வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி இணைப்பைச் சூடாக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. வெளியேற ஒரே வழி, இன்னும் உறையாத ஈயம்தான். அது போகும் தடம் ஊசித்துளையாக நிற்கிறது. மேலே ஏதாவது ஒரு குழாய்முனையைத் திறந்துவைத்தால் இது நிகழாது.

"வேலை முடிஞ்சதும் ஈரத் துணியால துடைச்சு ஆறவைக்கலாமா?"

பளபளப்பு மங்கி உறையும்வரை தொடவே கூடாது. உறைந்துகொண்டிருக்கும் ஈயத்தை அசைத்தால் உள்ளே விரிசல் விழும். கண்ணுக்கு அது கரடுமுரடாகவும் மங்கலாகவும் தெரியும். சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றுவதும் அதே விளைவைத் தரலாம். உறைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், வெளியே ஒட்டிய ஃபிளக்ஸை ஈரத் துணியால் முழுதாகத் துடையுங்கள். விட்டால் சில வாரங்களில் பச்சைக் கோடாக வழியும்.

"டீயில மூணாவது வாயைப் பற்றவைக்கும்போது முதல் ரெண்டும் இளகுது. என்ன செய்யணும்?"

மூன்றையும் தேய்த்து, பூசி, பொருத்திவிட்டு ஒரே சூட்டில் முடியுங்கள்; கீழ் வாயில் தொடங்கி மேல் வாயில் முடிப்பது வசதி. ஏற்கெனவே பற்றவைத்த பழைய இணைப்பு அருகில் இருந்தால், அதன்மேல் ஈரத் துணியைச் சுற்றுங்கள், ஆனால் துணி புதிய இணைப்பைத் தொட்டால் அது ரசச் சொம்பாகிவிடும். வால்வைப் பற்றவைப்பதானால் உள்ளிருக்கும் ரப்பரைக் கழற்றிவிட்டுத் திறந்த நிலையில் செய்யுங்கள். அதன் பித்தளை உடல் தடிமனானது என்பதால், தீயின் பெரும்பங்கு அதன்மேல் இருக்க வேண்டும்.

"வீவக வீட்டில நானே குழாயை வெட்டிப் பற்றவைக்கலாமா?"

குழாய்முனையைக் கழற்றி அதே வகையில் மாற்றுவது வேறு. தண்ணீர்க் குழாய்களை வெட்டி மாற்றியமைப்பதும், தண்ணீர் சேமித்துச் சுடவைக்கும் ஹீட்டரைப் பொருத்துவதும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப்பணியாளர் பொறுப்பில் நடக்க வேண்டியவை. கற்றுக்கொள்ளத் தனித் துண்டுகளைப் பட்டறையில் பற்றவையுங்கள்.

பணியிடத்தில் தீ பயன்படுத்தும் வேலைக்கு உரிய அனுமதி கையில் இருக்க வேண்டும். சமையலறை மரப்பலகைக்கும் பொய்க்கூரைக்கும் பின்னால் தீத்தடுப்பு விரிப்பு வையுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், முடித்தபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பாருங்கள். மறைவில் கனியும் நெருப்பு உடனே தெரிவதில்லை.

"பிரஷர் டெஸ்ட் பாஸ் ஆச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒழுகுது. இது எப்படி?"

ஈசூனில் ஒரு வீட்டில் இதே நிகழ்ந்தது. குளியலறைப் பொய்க்கூரைக்கு மேலே, வெந்நீர் போகும் 15 மி.மீ. எல்போ. பற்றவைத்தவர் என் குழுவைச் சேர்ந்த இளைஞர். அழுத்தச் சோதனையைப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டவன் நான். ஒன்பது வாரங்களுக்குப் பிறகு கூரைப் பலகையில் பழுப்புக் கறை தெரிந்தது. எல்போவை வெட்டி எடுத்து, ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன்.

ஒரு வாயில் ஆழம் முழுவதும் வெள்ளி நிறம். மற்றதில் வாயருகே மூன்று மி.மீ. வரை சுற்றிலும் ஈயம் இருந்தது. அதற்கு உள்ளே கீழ்ப் பாதி நிரம்பியிருந்தது, கான்கிரீட்டைப் பார்த்த மேல் பாதியில் கறுத்து இறுகிய ஃபிளக்ஸ் மட்டுமே இருந்தது. எல்போவுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடம்கூட இல்லாததால், அவர் தீயையும் கம்பியையும் கீழிருந்தே காட்டியிருக்கிறார். கீழே ஈயம் ஓடியதைக் கண்டதும் கம்பியை உச்சி வரை இழுத்து வளையத்தை முடித்துவிட்டார். உச்சியில் சூடு போதவில்லை. வளையத்தில் எங்கோ இருந்த நுண்துளையை இறுகிய ஃபிளக்ஸே அடைத்துக்கொண்டிருந்ததால் சோதனையில் குளிர்ந்த நீர் கசியவில்லை. நாள்தோறும் வெந்நீர் ஓடியதும் அந்த அடைப்பு மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்களை மாற்றினேன். இடுக்கான இடத்து இணைப்புகளை முடிந்தவரை கீழே மேசையில் பற்றவைத்து, முழுத் துண்டாக மேலே ஏற்றி, கை எட்டும் இடத்தில் மட்டும் கடைசி இணைப்பைச் செய்கிறோம். அங்கேயே செய்யத்தான் வேண்டுமென்றால் கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து உச்சியைப் பின்னாலிருந்து தொட்டுச் சோதிக்கிறோம், சிறு கண்ணாடியால் பார்க்கிறோம். அடுத்தது, சோதனைக்குப் பிறகு வெந்நீரை நன்றாக ஓடவிட்டு ஃபிளக்ஸைக் கழுவி, மீண்டும் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்கிறோம். கூரைப் பலகையை மூடுவது இரண்டாவது சோதனைக்குப் பிறகுதான்.

"ஒழுகிற இடத்துக்கு மேல இன்னும் கொஞ்சம் ஈயம் வச்சு அடைச்சுட்டா என்ன?"

மேலே வைக்கும் ஈயம் வளையத்தைத் தடிப்பாக்கும். உள்ளே இருக்கும் கருகிய ஃபிளக்ஸையும் ஆக்சைடையும் அகற்றாது. அதோடு, கசியும் இணைப்புக்குள் நிச்சயம் தண்ணீர் இருக்கும் என்பதால், சொட்டும் வால்வைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும்.

பற்றவைத்த சில நிமிடங்களிலேயே, தண்ணீர் விடும் முன்பே, இணைப்பு போதுமான கம்பியைக் குடிக்கவில்லை என்று கண்டுபிடித்தால் ஒரு வாய்ப்பு உண்டு. செம்பு கறுக்காமல் இருந்தால், வாயைச் சுற்றிப் புதிய ஃபிளக்ஸைத் தடவி, முன்பு சூடு போகாத பக்கத்தை மையமாக வைத்துச் சூடாக்கி, மறுபடியும் ஊட்டலாம். கறுத்திருந்தால், சூடாக்கி இழுத்துப் பிரியுங்கள். உருகிய நிலையிலேயே குழாயில் ஒட்டிய பழைய ஈயத்தைத் துணியால் கவனமாக வழித்து, ஆறியபின் தேய்த்து, புதிய எல்போ போடுங்கள். தண்ணீர் ஓடிப் பழகிய பழைய இணைப்பானால் நான் இதையும் செய்வதில்லை. இருபுறமும் நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டும் இரண்டு சாக்கெட்டும் போட்டுவிடுகிறேன். இணைப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அவை எல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இணைப்புகள்.